கை எங்கே இருக்கிறது

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். வேலை செய்யும் இடத்துக்கு ஏன் கடிதம் வருகிறது என்று யோசிப்பாய். பல் மருத்துவமனையில் உன் மேசைக்குத்தான் வரவேண்டும் என்று அனுப்பினேன். அங்கேயே படி. படித்து முடித்ததும் அங்கேயே கிழித்துப் போடு. வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கண் போய் ஆறு வருடம் ஆகியும் அடுப்பங்கரையை எனக்கு விட்டுத் தருவதாக இல்லை. உப்பு டப்பாவை நான் ஒரு விரல்கடை நகர்த்தினால் போதும், "என் வீட்ல திருடன் வந்துட்டான்" என்று அறிவித்துவிடுவாள்.

என் வேலை பற்றி நீ அதிகம் கேட்டதில்லை. இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வையில்லாதவர்கள் படம் கேட்பதற்காக, திரையில் நடப்பதை நான் எழுத, ஒருவர் குரல் கொடுத்துப் பதிவு செய்வார். இரண்டு வசனங்களுக்கு நடுவே நான்கு விநாடி கிடைக்கும். ஏழெட்டுச் சொல்லுக்குத்தான் இடம். அந்த இடத்தில் "கோபமாக", "சோகமாக" என்று எழுதக் கூடாது. எங்கள் மேற்பார்வையாளர் அந்தச் சொல்லை வெட்டிவிடுவார். அதனால்தான் அவருக்குக் கத்தரி என்று பெயர். ஒருமுறை "மிரண்ட மான் போல" என்று எழுதினேன். "படத்துல மான் எங்கம்மா வருது?" என்றார்.

இன்னொரு முறை, கணவன் வெளியே போகிறான், மனைவி கதவருகே நிற்கிறாள். "நிம்மதியாக நிற்கிறாள்" என்று எழுதினேன். "நிம்மதிய எங்க பார்த்த? எனக்குக் காட்டு" என்றார். சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். தோள் இறங்கியிருந்தது. ஆனால் கை தாழ்ப்பாளை விடவில்லை. பார்வை கதவின் கீழ் இடைவெளியில் இருந்தது. "தோள் இறங்குகிறது. கை தாழ்ப்பாளில். பார்வை கதவடியில்." அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. நிம்மதியா இல்லையா என்பதைக் கேட்கிறவர் முடிவு செய்வார்.

இந்தப் பாடத்தை வேலையில் கற்றுக்கொண்டு வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசும்போது அம்மா என்னிடம் "எப்படி இருக்கா?" என்று கேட்பாள். நீ கல்யாணமாகிப் போன இந்த ஏழு மாதமாக நான் "சந்தோஷமா இருக்காம்மா" என்றுதான் சொல்லி வந்தேன்.

போன ஞாயிறும் அதையே சொன்னேன். அழைப்பு முடிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "ஊரான் பொண்டாட்டி எப்படி நிக்கிறானு நாலு தடவ ஓட்டிப் பார்க்கிற. என் பொண்ணுக்கு மட்டும் ஒத்த வார்த்தையா? சிரிச்ச சத்தம் எனக்கும்தான் கேட்டுச்சு. சிரிக்கும்போது எங்க பார்த்தா? கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். அழைப்பு முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் எதையும் பார்க்கவில்லை.

அம்மா மத்தியானங்களில் மறுபடி கேட்பதற்காக உன் அழைப்புகளைப் பதிவு செய்து வைக்கிறேன், உனக்குத் தெரியும். அவற்றை முதலில் சத்தமில்லாமலும் பிறகு சத்தத்தோடும் பார்த்தேன். ஒரே ஒரு அசைவை வைத்து எதையும் சொல்ல முடியாது. கை கட்டியிருப்பவருக்குக் குளிராகவும் இருக்கலாம். முன்பு எப்படி இருந்தார், எது நடந்ததும் மாறினார் என்று பார்க்க வேண்டும். அதனால் பழையதிலிருந்து தொடங்கினேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால்: போன் உன் கையில். நீ திரைக்குள் விழுவதுபோல் குனிகிறாய், பாதி நேரம் நெற்றி மட்டும் தெரிகிறது. பேசப் பேச வலது கை காற்றில் கோடு போடுகிறது. சின்ன வயதிலிருந்து உன் பேச்சில் பாதியை அந்தக் கைதான் பேசும்.

நான்கு மாதத்துக்கு முன்னால்: போன் எதன்மேலோ சாய்ந்து நிற்கிறது. உன் இரண்டு கைகளும் மேசைக்குக் கீழே. அம்மா "எப்ப வர்ற?" என்கிறாள். உன் கண் வலப்பக்கம், போனுக்கு மேலே போகிறது. இரண்டு விநாடி அங்கே நிற்கிறது. திரும்பி வந்த பிறகு "பாக்கலாம்மா" என்கிறாய். அன்று அம்மா உன்னிடம் பதினான்கு கேள்வி கேட்டாள். ஒன்பது பதிலுக்கு முன்னால் உன் கண் அங்கே போய் வந்தது.

போன ஞாயிறு: மின்விசிறியில் உன் முடி பறக்கிறது. ஆனாலும் முழுக்கைச் சட்டை. சட்டைக் கையின் ஓரத்தைக் கட்டைவிரலால் உள்ளங்கைக்குள் இழுத்துப் பிடித்திருக்கிறாய். திரைக்கு வெளியே யாரோ ஒரு டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம். அது பெரிய சத்தமே இல்லை. உன் தோள் இரண்டும் காதுவரை ஏறுகின்றன. கழுத்து திரும்பவில்லை. வாயில் சிரிப்பு அப்படியே இருக்கிறது. "அக்காகிட்ட சொல்லு, நாம நல்லாத்தான இருக்கோம்னு" என்று மாப்பிள்ளையின் குரல், மெதுவாக, சிரித்தபடி. நீ சொல்கிறாய். வலது ஓரத்திலிருந்து இரண்டு விரல்கள் வந்து போனைக் கொஞ்சம் திருப்பி வைக்கின்றன. நாற்காலியின் முதுகு தடுக்கும்வரை நீ பின்னால் போகிறாய். அழைப்பை முடிப்பதும் அந்த விரல்கள்தான். கடைசியில் தெரிவது உன் முகம். கண் விரலைப் பார்க்கிறது, என்னை அல்ல.

இதை அம்மாவுக்கு வரிவரியாகச் சொன்னேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. "திரும்பச் சொல்லு" என்றாள். டம்ளர் வரும் இடத்தை மட்டும் மூன்று தடவை.

நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன பெயர் என்று எழுதவில்லை. உனக்கு அது தெரியும். நான் தப்பாகப் பார்த்திருந்தால், வந்து என் காதைத் திருகு, வாங்கிக்கொள்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. பதில் எழுதாதே, போனில் இதைப் பற்றிப் பேசாதே. வருகிற ஞாயிறு அம்மா முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்ப்பது என்று கேட்பாள். நான் பார்த்தது பிழை என்றால், அப்போது இரண்டு கைகளையும் மேசைமேல் எடுத்து வை. பிழை இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். எப்போதும்போல் கை கீழேயே இருக்கட்டும். மாப்பிள்ளையின் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. கை மேலே வரவில்லையென்றால், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உன் மருத்துவமனை வரவேற்பறையில் பல்வலிக்காரியாக உட்கார்ந்திருப்பேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ கைப்பையோடு மட்டும் வந்தால் போதும். துணிமணி, நகை, சான்றிதழ் எதுவும் வீட்டிலிருந்து எடுக்காதே. அலமாரியில் ஒரு பொருள் இடம் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும். கைகள் மேலே வந்தாலும், வருவதற்கு முன் உன் கண் வலப்பக்கம் போனால், அதையும் நான் பார்ப்பேன். அப்படியானாலும் செவ்வாய்க்கிழமை அங்கே இருப்பேன்.

அம்மாவுக்கு இதுவரை வாசித்துக் காட்டினேன். எதிரே உட்கார்ந்திருக்கிறாள். முதுகு நாற்காலியில் படவில்லை. முகம் வாசல் பக்கம். இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்திருக்கிறாள். கடைசியில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நல்லா இருன்னு எழுதாத. வந்து சேருன்னு எழுது" என்றாள்.

வந்து சேர்.

உன்
அக்கா