சொல்லாமல் வா

அன்புள்ள பவானி,

முதலில் உன் துப்பட்டாதான் என் கண்ணில் பட்டது. அதற்குள் முறுக்குத் தட்டை மறைத்திருந்தாய். வரிசை வீடுகளுக்கெல்லாம் தீபாவளிப் பலகாரம் கொடுத்துக்கொண்டு வந்தவள், எங்கள் கேட்டருகே வந்ததும் திரும்பி நடந்துவிட்டாய்.

அப்பா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, கோலமும் போடவில்லை. எங்களுக்கு வாழ்த்துச் சொல்லக்கூடாது என்பது சரிதான். குருபோங்கில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் மலாய்க்காரத் தோழி ரோஹானா விஷயம் தெரியாமல், "செலாமட் தீபாவளி லா!" என்று வாழ்த்தியபோது நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நீ திரும்பிப் போனதை அம்மாவும் பார்த்தார்.

"நாமதான் சுடக்கூடாது. அக்கம்பக்கம் குடுத்தா வாங்கிக்கலாம். அந்தப் புள்ள ஏன்டி ஓடுது? நாம என்ன கடிச்சா வைப்போம்?"

அப்பா போனபிறகு அம்மா கேலியாகப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் அழுதுவிட்டார். காலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

அதனால் நீ வரவேண்டும். வாழ்த்துச் சொல்லாதே. "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று மட்டும் கேள். தட்டை வெறுமையாகத்தான் திருப்பித் தருவோம். அதில் எதுவும் வைக்கமாட்டோம். கோபித்துக்கொள்ளாதே. போகும்போது "போயிட்டு வர்றேன்" என்றும் சொல்லாமல் எழுந்து போ.

இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தை விட்டபோதும் டீச்சரிடம் ஒன்றும் சொல்லாமல்தான் நின்றுவிட்டேன். இந்தத் தடவை அப்படி விடமாட்டேன்.

துக்கத்தோடு உங்கள் வாசலுக்கு இன்று நான் வரக்கூடாது. கடிதத்தை வேலி வழியாகப் போடுகிறேன். எங்கள் கேட்டைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி கல்லை முட்டுக்கொடுத்துவிட்டேன்.

உன் பக்கத்து வீட்டுக்காரி