உன் ஸ்டேட்டஸ் அவருக்குப் போகாது

டேய் தம்பி,

நேற்று வந்த சாப்பாட்டில் மிச்சம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

அதைக் கொட்டுகிற மழையில் கொண்டுவந்த டெலிவரிக்காரருக்கு ஸ்டேட்டஸில் நன்றி போட்டிருக்கிறாயே, ஒன்பது எமோஜியோடு! அதை அவர் எப்படிடா பார்ப்பார், அவர் என்ன உன் அத்தை மகனா? லிஃப்ட் ஓடவில்லை என்று தெரிந்தும், "மேல வந்து குடுத்துட்டுப் போங்க" என்று போனில் உத்தரவு போட்ட மகாராசன் நீ. நான் கதவைத் திறந்தபோது, தன் மழைக்கோட்டைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைமேல் போர்த்தியிருந்தார். "சாப்பாடு நனையலம்மா" என்றார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

டெலிவரி முடிந்ததும் அவரோடு பேசும் சாட் மூடிவிடும். அதனால் ஆப்பில் அந்த ஆர்டரைத் திற. கடைக்கு ஒரு மதிப்பீடு, அவருக்குத் தனியாக ஒன்று கேட்கும். உப்பு குறைந்த கோபத்தைக் கடையோடு வைத்துக்கொள். அவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, கீழே இருக்கும் கட்டத்தில் இதை எழுது:

"மழையில் நீங்கள் நனைந்து, எங்கள் சாப்பாட்டை நனையாமல் கொண்டுவந்தீர்கள். ரொம்ப நன்றி அண்ணா 🙏😊"

இரண்டு எமோஜி போதும்.

அக்கா

பி.கு.: இன்றும் மழை வரும்போலிருக்கிறது. குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நேற்றும் அங்கேதான் தொங்கியது.