கதவுக்கு வெளியே நின்றவள்

மட்டக்களப்பு,
ஆவணி 1993

அன்பு மகள் மேர்சிக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறோம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. நீ அனுப்பிய நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்துப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து முடித்தார்கள். கலந்துரையாடலுக்குக் கேள்வித்தாள் எழுதும் வேலை எனக்கு வந்தது. கதையில் வெள்ளம் வந்த அன்று இளைய மருமகள் வந்து தட்டியும் மூத்த மருமகள் கதவைத் திறக்காமல் நிற்கிறாளே, அது சரியா பிழையா என்று எழுதியிருந்தேன். சின்னத்தங்கம் ரீச்சர் சரி என்றா, ஏறாவூரிலிருந்து வந்த கைறுன்னிஸா ரீச்சர் பிழை என்றா, அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படிப்பித்த இருவரும், தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த கொலைகளுக்குப் பிறகு அன்றுதான் ஒரே அறையில் இருந்தார்கள், இனி வரமாட்டார்கள் என்றே பயந்தேன்.

பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியாகக் கேளுங்கள் அம்மா என்று நீ எழுதிய பிறகு தாளைப் புதிதாக எழுதினேன். ஓம், இல்லை என்று முடிகிற கேள்விகளை எடுத்துவிட்டேன். இந்த வீட்டில் யாரோடு இருந்து சாப்பிட உங்களுக்கு விருப்பம், ஏன் என்று இலேசாகத் தொடங்கி, பிறகு பக்க எண் போட்டு, இந்தப் பந்தியை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், கதவுக்குப் பின்னால் நின்றவளின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று கேட்டேன். விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம் என்று அடியில் எழுதிக் காபன் வைத்துப் பிரதி எடுத்தேன். விடை எதுவும் எழுதவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு இருவரும் வந்துவிட்டார்கள். அன்று பின்னேரம் வாவியின் வெளிச்சம் நாங்கள் கூடும் மண்டபத்து முகட்டில் அலைந்துகொண்டிருந்தது, நாங்கள் எல்லோரும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல. கைறுன்னிஸாதான் அந்தப் பந்தியை வாசித்தா. வாசித்து முடிந்ததும் நான் இடையில் புகவில்லை. பிறகு சின்னத்தங்கம் மெல்ல, "அவக்குத் தெறக்க மனமிருந்திருக்கும், கை வரல்ல" என்றா. கொஞ்சம் பொறுத்து என் தாளில் இல்லாத ஒன்றை அவவே கேட்டா, "வெளியில நிண்டவ என்ன நினைச்சிருப்பா?" கைறுன்னிஸா புத்தகத்தை மூடாமலே சொன்னா, "உள்ளுக்க மூச்சுச் சத்தம் கேட்டிருக்கும். ஆள் உசிரோட இருக்கெண்டு நினைச்சிருப்பா."

மிச்சக் கேள்விகளுக்கு நாங்கள் போகவில்லை மகள். ஊரடங்குக்கு முன்னே எல்லோரும் வெளிக்கிட்டோம். வாவிக்கரை வழியே அவர்கள் இருவரும் சாய்வெயிலுக்குப் பிடித்த ஒரே குடைக்குள் பஸ்ஸுக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பேசினார்களோ, எனக்குக் கேட்கவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தைச் சுற்றிக் கம்பளி போடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக.

உன்னை நினைத்திருக்கும்
அம்மா எமிலி