நெய்தலில் ஒரு மயில்

ஆடி 2, திங்கள்
கச்சான், தென்மேற்குக் காற்று. சோற்றிலும் மண்.
பள்ளியில் பங்கீடு நடந்தது. முருகன் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு எங்கள் வகுப்பு நாலு பாட்டு எழுதவேண்டும். முல்லையை விட்டு நாலு நிலம், தலைவி ஒருத்தி, தலைவன் முருகன். அவளுடைய ஏக்கமே பக்தி.
குறிஞ்சி (மலை, கூடல்): குமார்.
மருதம் (வயல், ஊடல்): அடியேன்.
நெய்தல் (கடல், இரங்கல்): தயாளன்.
பாலை (வறள் நிலம், பிரிவு): ரவி.
தமிழ் மிஸ்ஸின் கட்டளை: "அகத்தில தலைவன்ர பேர் சொல்லுறேல்லை. பூ, மரம், பறவையை வைச்சே ஆரெண்டு தெரியவேணும்."
நாலில் ஒன்றைத்தான் கடற்கரையில் ஒலிபெருக்கியில் பாடுவார்கள். வெள்ளிக்கிழமை தெரிவு. கடற்கரைக்கு இறங்க நேவி பாஸ் தந்தால்தான் சாமியே கடலுக்குப் போகும், அது வேறு கதை.
கடற்கரையில் வயல் பாட்டை யார் எடுப்பார்கள்? நெய்தலை நான் கேட்டேன். "அவனுக்குத்தான் அது வரும்" என்றார் மிஸ். எனக்கு என்ன வரும்? தும்மல்.

ஆடி 3, செவ்வாய்
மருதம் எழுத உட்கார்ந்தேன். தலைவன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறான், தலைவி கதவைத் திறக்கவில்லை. முருகனுக்கு வள்ளி, தெய்வானை என்று இரண்டு பேர் இருப்பதால் வசதி. தாமரையை எருமை மேய்கிறது. எருமைதான் அவன் என்பது வெளியே சொல்லாத உள்ளுறை. அம்மா வாசித்துவிட்டு, "சாமியை மாடெண்டோ சொல்லுறாய்?"
எருமையைத் தூக்கிவிட்டேன். பாட்டின் உயிரும் கூடவே போய்விட்டது.
தயாளன் முடித்துவிட்டானாம். ஒரே நாளில்.

ஆடி 4, புதன்
என் எழுத்து வடிவாம். நாலையும், தான் வாசிக்குமுன்பே, பிரதி எடுக்கச் சொல்லி மிஸ் என்னிடம் தந்தார். ஆட்டுக்குட்டியை நரியிடம் தந்த மாதிரி.
தயாளனுடையது:
புன்னைக் கிளையில் ஒற்றை நாரை
பொழுதும் சாய்ந்தது வந்திலன் தோழி
நல்லாய்த்தான் இருக்கிறது. எரிகிறது. இடம் சரி, சாயும் பொழுது சரி, மரமும் பறவையும் சரி. ஒரே குறை, தலைவன் யாரென்று தெரியவில்லை. நாரையை வைத்து யாரை என்று கண்டுபிடிப்பது?
பிரதியில் நாரைக்குப் பதில் மஞ்ஞை என்று எழுதினேன். மஞ்ஞை என்றால் மயில். அசை அப்படியே பொருந்துகிறது. மலைப் பறவையைக் கடற்கரைப் புன்னையில் குந்த வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வகுப்பே சிரிக்கும்.

ஆடி 6, வெள்ளி
சிரித்தது குமார் மட்டும். "மிஸ், நெய்தலில மயிலோ? அது என்ர மலையில இருந்து ஓடி வந்திட்டுது!"
மிஸ் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கருப்பொருள் நிலம் மாறி வரலாம் குமார். உரிப்பொருள்தான் மாறக்கூடாது. இரங்கல் இரங்கலாத்தானே நிக்குது. மயில் வந்ததால தலைவன் முருகனெண்டு பேர் சொல்லாமலே தெரியுது. அவன்ர வாகனம் வந்திட்டுது. ஆள் வரேல்லை."
எல்லாரும் தயாளனைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் குச்சவெளிப் பக்கம் மிதந்த படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். தயாளனின் அப்பாவின் படகு. அதில் அவர் இல்லை.
மயிலை எழுதும்போது எனக்கு அது நினைப்பிலேயே இல்லை. சத்தியமாய் இல்லை.
தயாளன் தாளைப் பார்த்தபடி இருந்தான்.
தெரிவு: நெய்தல். மிஸ் அவன் தோளைத் தொட்டார். அது என் மயிலுக்கு விழவேண்டிய கை.

ஆடி 7, சனி
தயாளன் வீட்டுக்கு வந்தான். வேலிப் படலைக்குள் வரவில்லை.
"மயில் நீதானே?"
"ஓம். பகிடிக்கு, எல்லாரும் சிரிக்க."
"தெரியும். அம்மா வாசிச்சவ. அப்பாவை நினைச்சோ எழுதினனி எண்டு கேட்டவ. ஓமெண்டு சொல்லிப்போட்டன்."
"அது என்ர வரி மச்சான்."
"உன்ரதான். மிஸ்ஸிட்டச் சொல்லு, நான் மறிக்கேல்லை. ஆனா அம்மாட்டயும் நீதான் வந்து சொல்லவேணும். எனக்கு ஏலாது."
போய்விட்டான். சைக்கிளில் அவன் வீட்டு ஒழுங்கை வரை போனேன். அவன் அம்மா கொடியில் உடுப்புக் காயப்போட்டபடி அந்த இரண்டு வரியைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். பயம்தான், பெரிய மனது ஒன்றுமில்லை.

ஆடி 8, ஞாயிறு
தீர்த்தம். பாஸ் கிடைத்தது, பத்து மணி வரை. வெயில்.
தயாளன் பாடினான். 'ஒற்றை மஞ்ஞை'யில் அவன் குரல் உடைந்தது. அவன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனிசிமாரும் அழுதார்கள். நான் எழுதிய ஒரு சொல்லுக்கு இவ்வளவு பேர். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.
கோயில் தலைவர் எல்லாருக்கும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தார். "அந்த மயில்! என்னமாய் யோசிச்சிருக்கிறான் பொடியன். தம்பி, நீரும் இதில எழுதினனீரோ?"
தயாளனும் அம்மாவும் பக்கத்திலேயே நின்றார்கள்.
"இல்லை ஐயா. நான் பிரதி எடுத்தனான்."