டாக்டருக்கும் எனக்கும் நடந்த போட்டி

மார்ச் 4, புதன்

கல்யாணப் பதிவுக்குத் தேதி கிடைத்துவிட்டது! ஏப்ரல் 17, வெள்ளி, காலை பத்தரை. பதிவு அலுவலகத்தில் இருந்தவர் ரசீதை நீட்டியதும் தேதியை மூன்று தடவை படித்தேன். மீன் சிரித்தாள். அவள் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள், எப்போது பார்த்தாலும் தலை ஈரம், அதனால் எனக்கு அவள் மீன்.

மதியம் ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று அழைப்பு. விசிலடித்துக்கொண்டே சென்சாரைத் துடைத்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மாலையில் நீச்சல்குளத்துக்கு எதிரே காபி குடிக்கப் போனோம். மூலை மேசையில் உட்காரப் போனேன். மீன், “அதுல வேணாம், கால் இடிக்கும்” என்றாள். எனக்குள் ஏதோ பொறி தட்டியது. அவளுக்கு எப்படித் தெரியும்? முன்னாடி வந்திருக்கிறாள். யாரோடு? கேட்டுவிட்டேன். “டாக்டரோட” என்றாள், சர்க்கரை போட்டுக்கொண்டே.

டாக்டர் என்றால் பல் டாக்டர். எனக்கு முன்னால் மூன்று வருடம் அவளோடு இருந்தவன். பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. பழக ஆரம்பித்த இரண்டாவது மாதமே அவளாகத்தான் சொன்னாள். அன்றைக்கு நான் பெரிய மனுஷன் மாதிரி, “அதெல்லாம் பழசு, விடு” என்றேன். விட்டது அவள். நான் எங்கே விட்டேன்?

மார்ச் 9, திங்கள்

இணையத்தில் அவன் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் என்றுதான் உட்கார்ந்தேன். நான்கு வருடம் பின்னால் போய்விட்டேன். படங்களில் மீன் இல்லை, எடுத்துவிட்டான் போலிருக்கிறது. ஆனால் ஒரு கடற்கரைப் படத்தில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு ஜோடி. நீலம். மீனுக்கு நீலச் செருப்பு இருந்ததா?

வேலை இடத்தில் வெட்டியாக ஒரு கணக்குப் போட்டேன். உயரம்: நான் இரண்டு விரல் அதிகம். படிப்பு: அவன். தலைமுடி: நான். ஓட்டம்: அவன், பத்து கிலோமீட்டர் பதக்கமெல்லாம் இருக்கிறது. சமையல்: தெரியவில்லை, கேட்க வேண்டும். நகைச்சுவை: தெரியவில்லை, கேட்க வேண்டும்.

முடியில் ஜெயித்ததில் அரை மணி நேரம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். வெட்கக்கேடு.

மார்ச் 10, செவ்வாய்

கேட்டேன். அவனுக்குச் சமைக்கத் தெரியாதாம். அப்பாடா!

மார்ச் 11, புதன்

சமைக்கத் தெரியாது என்றால் மூன்று வருடமும் யார் சமைத்தது? இவளா? தினமுமா? அவன் வீட்டிலா?

மார்ச் 13, வெள்ளி

இது எப்படி நடக்கிறது என்று எனக்கே தெரிகிறது, அதுதான் கொடுமை. முதலில் ஒரு படம் ஓடும். நான் பார்க்காத வீடு, நான் பார்க்காத சோபா, அதில் அவர்கள் இருவரும். மூஞ்சியெல்லாம் தெளிவாகத் தெரியும், சோபாவுக்கு நிறம்கூட நானே போட்டுவிடுவேன். கேட்டால்தான் அடங்கும் என்று தோன்றும். கேட்பேன். மீன் சொல்வாள். பத்து நிமிடம் அமைதி. பிறகு அந்தப் பதிலுக்கே கால் முளைத்து நடக்க ஆரம்பிக்கும். டாக்டரோடு இரண்டு தடவை மலைக்குப் போனதாகப் போன வாரம் சொன்னாள், இன்று மூன்று என்கிறாள். நான் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை. அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். அவளுக்கும் ஒரு கடந்த காலம் இருக்கக் கூடாதா? இருக்கலாம். எனக்கும்தான் ஒருத்தி இருந்தாள், அவள் பிறந்தநாள்கூட நினைவில்லை.

காலையில் ஓட ஆரம்பித்திருக்கிறேன். ஆரோக்கியத்துக்காக என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா, “யாரை முந்த?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

இதை எழுதவே கை பரபரக்கிறது. டாக்டரின் கிளினிக் நான்காவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்கள் கம்பெனி பராமரிப்பு! இவ்வளவு நாளும் அது மீசையின் பட்டியலில் இருந்திருக்கிறது. மீசை என்னோடு வேலை பார்ப்பவன். என் மூன்று கட்டடத்தை வாங்கிக்கொண்டு அந்த ஒன்றைக் கொடு என்றேன். மூன்றுக்கு ஒன்று. மீசை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மார்ச் 19, வியாழன்

நான்காவது மாடியில் கதவு சரிபார்ப்பு. முக்கால் மணி நேரம். ஒன்றுமில்லாத கதவை நாற்பது முறை திறந்து மூடினேன். வெள்ளைக் கோட்டு கண்ணாடி வழியாக இரண்டு தடவை தெரிந்தது. முதுகு மட்டும்.

முதுகை வைத்து என்ன ஒப்பிடுவது?

மார்ச் 20, வெள்ளி

பல் வலி என்று சொல்லிப் போய்விட்டேன். ஒரு வலியும் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் படிவம் கொடுத்தாள். பெயர், வயது, என் எண், அவசரத்துக்கு இன்னொருவர் எண். விறுவிறுவென்று நிரப்பினேன்.

நெஞ்சு லிஃப்ட் மோட்டார் மாதிரி அடித்துக்கொண்டது. அவன் வந்தான். “சொல்லுங்க சார், எந்தப் பக்கம்?” என்றான். குரல் என்னைவிடக் கனம், குறித்துக்கொண்டேன். கை மென்மை. காதோரம் நரை, அது படத்தில் தெரியவில்லை! நான் வாயைப் பிளந்து படுத்திருக்கிறேன், என் போட்டியாளன் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்க்கிறான். இவ்வளவு பக்கத்திலிருந்து யாரும் யாரையும் எடை போட்டிருக்க மாட்டார்கள்.

இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஆழமாகச் சொத்தையாம். எக்ஸ்ரே காட்டினான். நரம்பு வரை போய்விட்டது, இவ்வளவு நாள் எப்படிப் பொறுத்தீர்கள் என்று கேட்டான். மரத்துப்போக ஊசி போட்டு, வேர் சிகிச்சையில் பாதி முடித்து, தற்காலிகமாக அடைத்தும்விட்டான். மறுபாதி அடுத்த வெள்ளி. நல்ல டாக்டர். அதுவும் எரிகிறது.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு நாள் நிம்மதி. சாதாரண மனுஷன்தானே, நரைத்தவன்தானே என்று இருந்தேன். இன்று காலை மீன் என் கையைப் பிடித்தபோது அவன் கை நினைவுக்கு வந்தது. முன்னாலெல்லாம் கற்பனைக் கை. இப்போது அசல் கை. நானே போய் வாங்கி வந்திருக்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

நாளைக்கு வருவேனா என்று கேட்க கிளினிக்கிலிருந்து எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். நான் லிஃப்டின் அடிக்குழிக்குள் இருந்தேன், அங்கே சிக்னல் ஏது. உடனே அந்த வரவேற்புப் பெண் இரண்டாவது எண்ணுக்கு அடித்திருக்கிறாள். அவசரத்துக்கு என்று நான் எழுதியது மீன் எண். தேதி குறித்த நாளிலிருந்து எங்கே கேட்டாலும் அதைத்தான் எழுதுகிறேன், எழுதும்போது ஒரு பெருமை. அங்கேயுமாடா எழுதுவ, மடையா!

மாலை குளத்து வாசலில் நின்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“இத்தனை நாளா நீ கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன். கோவத்துல சொல்லல. நான் சொல்ற ஒவ்வொண்ணும் உனக்கு அடுத்த கேள்வியாத்தான் ஆகுது. வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி இதுல அவன் வரானான்னு யோசிச்சு யோசிச்சுப் பேசறேன். எனக்கு மூச்சு முட்டுது.”

உனக்கு அவன்மேல இன்னும்… என்று ஆரம்பித்தேன். அந்த நேரத்திலும்! அவள் என்னையே பார்த்தாள். பிறகு, பதினேழாம் தேதி வேண்டாம் என்றாள்.

மார்ச் 28, சனி

அக்காவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “அவன் உன்கிட்ட போட்டிக்கே வரலையேடா. நீ ஒருத்தனே ஓடிட்டு இருக்க” என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

மனநல ஆலோசகரைப் பார்த்தேன். அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓடாத ஒரு கடிகாரம். எல்லாம் கொட்டினேன். இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். கேட்பதும், பக்கத்தைத் தேடிப் பார்ப்பதும், ஒப்பிடுவதும் சொறிவது மாதிரியாம், சொறியச் சொறிய அரிப்பு வளருமாம். நினைப்பை விரட்டப் பார்க்காதீர்கள், வந்தால் வரட்டும், சொறியாமல் மட்டும் இருங்கள் என்றார். கேட்கத் தோன்றினால் முதலில் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், பிறகு ஒரு மணி நேரம். வெளியே வந்து அவன் பக்கத்தைத் தடை செய்தேன். பஸ் நிறுத்தத்தில் தடையை எடுத்தேன். வீட்டு வாசலில் மறுபடி செய்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

பத்தரை மணிக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சரக்கு லிஃப்டுக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

பல்லின் மறுபாதியை வேறு கிளினிக்கில் முடித்தேன். அந்தக் கட்டடத்தை மீசைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் மூன்றில் ஒன்றை அவன் திருப்பித் தரவில்லை. படுபாவி.

மே 6, புதன்

மீனோடு பேச முடிந்தது, மன்னிப்புக் கேட்டேன். விளக்கம் கொடுக்காமல், ‘ஆனால்’ போடாமல். வாரத்துக்கு இரண்டு மாலை நடக்கலாம் என்றாள். ஓடி வந்து இதை எழுதுகிறேன்!

மே 24, ஞாயிறு

இன்று ஒரு கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அந்த மலைக்கு இவள் அவனோடு எந்த மாதம் போனாள்? கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்தேன். கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. பதினைந்து நிமிடம், முப்பது, நாற்பது. பிறகு தானாகவே தணிந்தது. யாரும் பதில் சொல்லாமலே தணிந்தது! இது நடக்கும் என்று எனக்கு யாராவது சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் மீன் இன்னும் எடை போட்டுத்தான் பேசுகிறாள். பாதி வாக்கியத்தில் நிற்கிறாள். அதைச் சரிசெய்ய என்னிடம் கருவி இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

அவளே கேட்டாள். மறுபடி தேதி வாங்கலாமா என்று. நான் தலையாட்டிய வேகத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜூலை 9, வியாழன்

மாலை ஆறு மணிக்கு பஸ்ஸுக்காக நின்றோம். இன்று குளத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை தண்ணீரைக் கண்டு அழுததாம். அதைச் சொல்லிக்கொண்டே வந்த மீன் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “டாக்டர் ஒரு தடவ எனக்கு நீச்சல் தெரியும்னு கோட்டோட குதிச்சான் பாரு” என்றாள். சொல்லிவிட்டு நிற்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை அகல விரித்து அவன் விழுந்ததை நடித்துக் காட்டினாள்.

வந்தது. வராமல் இருக்குமா? எப்போது, எந்தக் குளம், நீதான் தூக்கினாயா? ஈரத் தலையோடு நடுத்தெருவில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள் அவள். இப்படி இவள் என்னிடம் பேசி நான்கு மாதம் ஆகிறது.

“அப்புறம்?” என்றேன்.

அப்புறம் குளத்துக் காவலாளி கொம்பை நீட்டியது, அவன் மூக்குக் கண்ணாடி அடியில் போனது, எட்டு வயசுப் பிள்ளை ஒன்று முங்கி எடுத்துக் கொடுத்தது, எல்லாம் சொன்னாள். பஸ் ஒன்று வந்து போய்விட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நாளை காலை பத்தரைக்குப் பதிவு. சட்டை இன்னும் தேய்க்கவில்லை.