நல்ல நாளில் சொல்லக்கூடாத வார்த்தை

என் வசுவுக்கு,

உன் மகள் மலருக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் பிரபு. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறான். மலர் அங்கேயே இரண்டு கேட் தள்ளி, இன்னொன்றில் தரப் பரிசோதனை செய்கிறாள். ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜோசியர் கொடுத்த நல்ல நேரமும் இரண்டு தொழிற்சாலைகளின் ஷிஃப்ட் நேரமும் ஒத்துப்போன ஒரே மணி அதுதான் என்றார்கள். ஒன்பது கிரகங்களை விட டைம் ஆபீஸ்தான் விட்டுக்கொடுக்க மறுத்ததாம்.

மண்டபம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில். நிச்சயப் பத்திரிகை வாசிக்கும்போது ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. முகூர்த்த நாள் யார் காதிலும் விழவில்லை; இரண்டாம் தடவை வாசித்தார்கள். தை மாதம் கல்யாணம்.

உன் வீட்டுக்காரர் தட்டு மாற்றவில்லை, வசு. மனைவி பக்கத்தில் இல்லாதவர் தாம்பூலத் தட்டைத் தொடக்கூடாதாம். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் ஜோடியாக நின்று மாற்றினார்கள். அவர் பின் வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பெற்றவருக்கு அங்கே இருந்த வேலை அவ்வளவுதான்.

என் இடம் எது என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. நலங்கு வைக்கவும் அட்சதை போட்டு வாழ்த்தவும் சுமங்கலிகள் வர வேண்டும். நான் சுமங்கலியும் இல்லை, மற்றதும் இல்லை, கல்யாணமே செய்துகொள்ளாதவள். "பெரிம்மாதான் முதல்ல வாழ்த்தணும். அம்மா இடத்துல அவங்கதான்" என்று மலர் ஒரே பிடியாக நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இழக்க எதுவும் இல்லாதவளால் அபசகுனமும் இல்லை என்று தீர்ப்பானது. இத்தனை வருடம் தனியாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.

ஆனால் விஷயம் யார் வாழ்த்துவது என்பதில்லை. என்ன சொல்லி வாழ்த்துவது என்பதுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உன் நிச்சயத்தில் நம் அத்தை சொன்னது? நீ அரக்குப் புடவையில் குனிந்திருந்தாய். அத்தை உன் உச்சியில் கை வைத்து, தெரு முனை வரை கேட்கும்படி, "தீர்க்க சுமங்கலியா இரு, மகராசி" என்றாள். எல்லோரும் அட்சதை போட்டார்கள். நானும் போட்டேன். கணவனுக்கு முன்னால் செத்துப்போ என்பதுதான் அந்த வாழ்த்தின் அர்த்தம் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நிறையப் படித்தவள் என்று பெயர் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பூவும் பொட்டுமா போய்ட்டா. கொடுத்து வச்சவ." உனக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வயது மலர் உன் கால்மாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து, சொன்னவர்களின் முகத்தைப் பார்த்தாள்.

தன் நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு மலர் என்னிடம் வந்தாள்.

"பெரிம்மா, அம்மாக்கும் அதத்தானே சொன்னாங்க? பலிச்சிடுச்சு இல்ல? யாராவது அந்த வார்த்தைய என் தலை மேல போட்டா, மணைய விட்டு எழுந்து போய்டுவேன். பிரபுகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'எங்க அத்தைய நிறுத்தறதுக்குப் பதிலா பிளான்ட்டையே நிறுத்திடலாம்'னான்."

பிரபுவின் அத்தை தேவகி, ஆரணிக்காரி. நம் பொன்னேரி பக்கத்து ஆரணி. அந்த வீட்டு நிச்சயங்களில் வாழ்த்து அவள் சொத்து. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ மொதல்ல சொல்லு, வேணாங்கல. ஆனா கடைசில 'தீர்க்க சுமங்கலி' சொல்லணும். நீ உட்டுட்டா நான் சொல்லிக்கிறேன். எங்கூட்டுக்கு வந்த பொண்ணுங்க எல்லாத்துக்கும் நான்தான் சொல்லிக்கீறேன். அத்தினி பேரும் பூவும் பொட்டுமாத்தான் கீறாங்க."

"அதைச் சொல்லாம வாழ்த்தினா?"

"அது வாழ்த்தா? உப்பில்லாம சோறு போட்டா மாதிரி."

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்த வார்த்தை விழுந்தால் பெண் எழுந்து போவாள். விழாவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு நெஞ்சு உறுத்தும். நடுவில் நான், கையில் ஒரு பிடி மஞ்சள் அரிசியோடு.

முனை முறியாத பச்சரிசி, மஞ்சள் தூள், பிசறுவதற்கு ஒரு சொட்டு நெய். அட்சதைக்கு அவ்வளவுதான். சொல்வதற்குத்தான் முறைகள் அதிகம். பெரியவர் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். பையன் நெடுஞ்சாண்கிடையாக விழ, பெண் மண்டியிட்டுக் குனிய வேண்டும். முதலில் இருவரும் சேர்ந்திருக்க ஒரு வார்த்தை, அடுத்து பிள்ளை குட்டி, கடைசியில் பெண்ணின் மஞ்சள் குங்குமத்துக்கு ஒன்று. வாழ்த்து முடிந்த பிறகே அரிசி தலையில் விழ வேண்டும். விழுந்துவிட்டால் சொன்னது சொன்னதுதான். சபையும் அரிசி போட்டு அதை ஒப்புக்கொள்கிறது. இன்னொன்று, நல்ல இடத்தில் கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிறோம். கிளம்புகிறவர் போகிறேன் என்னாமல் போய்விட்டு வருகிறேன் என்கிறார். நோய், ஆஸ்பத்திரி, இல்லை, போதும் என்ற எந்த வார்த்தைக்கும் அங்கே அனுமதி கிடையாது.

அந்த முறையை நாம் இரண்டு பேரும் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தோம், வசு!

வேப்பம்பட்டில் நீங்கள் கட்டிய வீடு முடியும் தறுவாயில் நீ என் கையை எடுத்து உன் மார்பின் ஓரத்தில் வைத்தாய். பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. "புது வீட்டுல பால் காய்ச்சட்டும்க்கா. நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல இத வாயால சொல்ல வேணாம். யார்கிட்டயும் சொல்லாத" என்றாய். நான் சொல்லவில்லை. பால் காய்ச்சினோம். அதன் பிறகு ஒரு வளைகாப்பு வந்தது, அதற்குப் பின் தீபாவளி. ஒவ்வொரு நல்ல நாளுக்கும் நாம் மரியாதை செய்தோம். கடைசியில் டாக்டர் "ஏம்மா இத்தனை நாள்?" என்று கேட்டபோது உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இன்றுவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மலர் நிச்சயப் புடவை மாற்றி வந்தாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்தார்கள். பிறகு இருவரும் என் காலில் விழுந்தார்கள். தேவகி அரிசியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். நான் மலரின் தலையில் ஒரு கையும் பிரபுவின் தலையில் ஒரு கையும் வைத்தேன்.

"மலரு, பிரபு, ரெண்டு பேரும் ரொம்ப காலம் ஒண்ணா இருங்க. உடம்புல ஒரு நோவு வந்தா அன்னிக்கே வாயத் திறந்து சொல்லணும். நல்ல நாளு, பண்டிகை, கல்யாணம்னு தள்ளிப் போடக்கூடாது. கேக்கறவங்க அன்னிக்கே கூட்டிட்டுப் போகணும். சொல்ற வாயும் கேக்கற காதும் உங்க வீட்டுல எப்பவும் இருக்கட்டும். மகராசனா இரு. மகராசியா இரு."

நான் அரிசியைப் போட்டேன். வேறு யாரும் போடவில்லை. நோவு என்ற சொல் மேடையில் நின்றுகொண்டிருந்தது, அழைக்காமல் வந்த உறவினர் மாதிரி.

அப்போது பின் வரிசையிலிருந்து உன் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அட்சதைத் தட்டில் கை விட்டு ஒரு பிடி அள்ளி, இருவர் தலையிலும் போட்டார். யாரும் தடுக்கவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தார். பிறகுதான் மற்றவர்களின் அரிசி விழ ஆரம்பித்தது, முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் மழையாக.

"இன்னாக்கா இது, நிச்சயத்துல ஆஸ்பத்திரி பேச்சு பேசிக்கினு?" என்றாள் தேவகி. அடுத்தது அவள் முறை. மலரின் விரல்கள் புடவையைச் சுருட்டிப் பிடித்தன. முழங்கால் எழத் தயாரானதைப் பார்த்தேன். தேவகி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, "நல்லா இரும்மா" என்றாள். அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அத்தைக்கு தொண்ட கட்டிக்கிச்சு போல" என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள்.

நான்தான் ஜெயித்தேன் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் தேவகி என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காதபடி.

"அக்கா, மார்ல ஒரு கட்டி மாதிரி கீது. ரெண்டு மாசமா. கல்யாணம் முடியட்டும்னுதான் இருந்தேன். உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத."

கடைசி இரண்டு வார்த்தைகள் உன் குரலில் கேட்டன, வசு. குழாயை மூடினேன்.

"பத்து நிமிஷம் தரேன் தேவகி. நீயே போய் உங்க வீட்ல சொல்லு. இல்லன்னா மைக்ல நான் சொல்வேன்."

"அய்ய! நல்ல நாளும் அதுவுமா..."

"ஒன்பது நிமிஷம்."

என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே போய், தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த தன் அண்ணனின் காதில் சொன்னாள். அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை முதல் ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு மலரும் பிரபுவும்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். ஊசியால் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை. கல்யாண வீட்டில் இதெல்லாம் என்ன என்று சொந்தத்தில் சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

சீக்கிரம் பார்த்ததால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது. அப்படி எழுதினால் அதுவும் ஒரு வாழ்த்தாகிவிடும். இதை உனக்குச் செய்திருந்தால் நீ இருந்திருப்பாயா? அதுவும் தெரியாது. தெரியாமலேயே அந்தக் கேள்வியோடு எழுந்து, அதே கேள்வியோடு படுக்கிறேன்.

உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை தேவகியின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். முடிவு எதுவானாலும் அன்றைக்கே, எந்த நல்ல காரியம் குறுக்கே வந்தாலும், அவள் வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன்.

உன் ரகசியத்தைக் காப்பாற்றிய,
அக்கா