சரிபார்க்காத ஃபார்வர்டு வேண்டாமே

வெள்ளிக்கிழமை, இரவு.

போன ஞாயிறு குடும்பக் குழுவில் நான்தான் அன்பாக எழுதினேன்: "சரிபார்க்காத ஃபார்வர்டு வேண்டாமே. இரவு பத்துக்கு மேல் மெசேஜும் வேண்டாம், குழுவை மியூட்டில் வைத்துவிடலாம். அவசரமென்றால் போன் செய்யுங்கள்." யார் பெயரையும் போடவில்லை. ஆனால் அம்மையார்குப்பத்தில் தனியாக இருக்கும் என் நைனாவைத் தவிர அப்படி அனுப்புகிறவர் யார்? இரவு விசைத்தறியை நிறுத்திய பிறகுதான் அவருக்குப் போனைத் தொட நேரம். "ஆங், சரிம்மா" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். அதோடு சரி.

தினமும் இரவு அவர் ஃபார்வர்டு செய்யும் வைத்தியக் குறிப்பு வந்தால் அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு இன்றுதான் உறைத்தது. சாயங்காலத்திலிருந்து அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். குழுவில் கேட்டேன், எல்லோரும் என் பேச்சைக் கேட்டு மியூட்டில் போட்டிருக்கிறார்கள். அரக்கோணத்தில் இருக்கும் தம்பியை அழைத்தேன். "நீ ரூல் போட்டதுலேர்ந்து எனக்கும் ஒண்ணும் அனுப்பறதில்லக்கா. இதோ, வண்டி எடுத்துகினு போறேன்" என்றான்.

குழுவில் நான் போட்ட அந்த விதியை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதாம், எல்லோருக்குமாக அழிக்க முடியவில்லை. நைனா எப்போதோ அனுப்பிய எலுமிச்சை வைத்தியத்தை அவருக்கே திருப்பி அனுப்பினேன். என்னைத் திட்டவாவது வரட்டும்.

இன்னும் ஒரே டிக்தான்.